குரலை ஏற்றினால் இரைச்சலும் ஏறும்

வீட்டு அறையில் ஒலிப்புத்தகம் பதிவு செய்யும் வாசிப்பாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு நிமிட அத்தியாயம் ஒன்றைப் படித்து முடிக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் தெளிவாக இருக்கிறது. விசிறியை நிறுத்திவிட்டுத்தான் படித்தார், தெருநாய்கூடக் குரைக்கவில்லை. மென்பொருளில் அளந்து பார்த்தால் பின்னணி இரைச்சல் -66 டெசிபல் என்று காட்டுகிறது. விற்பனைத் தளம் கேட்பது -60-க்குக் கீழே. தாராளமாகத் தேறுகிறது. குரல் மட்டும் சற்று மெலிந்திருக்கிறது என்பதால் தளம் சொல்லும் அளவுக்குச் சத்தத்தை உயர்த்தி அனுப்பிவைக்கிறார். சில நாளில் கோப்பு திரும்பி வருகிறது. காரணம், பின்னணி இரைச்சல் அதிகம்.

அனுப்பும் முன்பு சரியாக இருந்த இரைச்சல் எப்படி அதிகமானது? ஒலிப்புத்தக மாஸ்டரிங்கில் புதிதாக இறங்கும் பெரும்பாலோர் இடறும் இடம் இது. தளங்கள் கேட்கும் அளவுகளைத் தனித்தனி நிபந்தனைகளாகப் படிக்கிறார்கள். உண்மையில் அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை நகர்த்தினால் மற்றவையும் நகரும்.

அமேசானின் ஆடிபிள் நிறுவனம் 2011-இல் ஏ.சி.எக்ஸ். என்ற தளத்தைத் தொடங்கியது. புத்தகத்தின் உரிமை வைத்திருப்பவரையும் அதைக் குரலில் படிப்பவரையும் இணைத்து, முடிந்த ஒலிப்புத்தகத்தை ஆடிபிள் கடைக்கு அனுப்பும் இடம் அது. பெரிய ஸ்டுடியோ இல்லாமல் துணி அலமாரிக்குள் மைக் வைத்துப் படிப்பவர்களும் அதில் சேரலாம் என்பதால், யார் அனுப்பினாலும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும் என்று எண்களை வெளிப்படையாக எழுதிவைத்தது. தனியாகப் பதிவு செய்பவர்கள் பலரும் இன்று அந்த எண்களையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

முக்கியமானவை மூன்று. ஒவ்வொரு கோப்பின் சராசரிச் சத்தமும் -23 டெசிபலுக்கும் -18 டெசிபலுக்கும் இடையில் இருக்கவேண்டும். எந்த ஒரு கணத்திலும் உச்சம் -3 டெசிபலைத் தாண்டக்கூடாது. யாரும் பேசாத இடைவெளியில் மிஞ்சும் இரைச்சல் -60 டெசிபலுக்குமேல் போகக்கூடாது. இவற்றோடு ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடி ‘ரூம் டோன்’ வேண்டும். அதாவது, வாசிப்பாளர் பேசாமலிருக்கும்போது அந்த அறை தானாக எழுப்பும் மெல்லிய ஒலி.

இந்த மைனஸ் குறியைக் கண்டு மிரளவேண்டியதில்லை. கணினியில் பதிவாகும் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் அலையை எழுத இடமே கிடையாது. அந்த வரம்புதான் 0 டெசிபல். மற்ற எல்லாம் அதற்குக் கீழே எண்ணப்படுகின்றன. -20 என்றால் அலையின் உயரம் வரம்பில் பத்தில் ஒரு பங்கு. -60 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, தளம் கேட்பது சராசரிக் குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 40 டெசிபல் இடைவெளி. குரல் நூறு பங்கு என்றால் இரைச்சல் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது.

சராசரியைக் கணக்கிடும் முறைக்கு ஆர்.எம்.எஸ். என்று பெயர். ஒரு கோப்பின் முழு நீளத்திலும் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்பதைச் சொல்லும் கணக்கு அது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழு நீளம் என்னும்போது வாக்கியங்களுக்கு இடையில் விடும் மூச்சும் மௌனமும் சேர்ந்தே கணக்கில் வரும். ஆகவே ஒரே குரலில், ஒரே மைக்கில், நிறுத்தி நிதானமாகப் படித்த அத்தியாயம் விறுவிறுவென்று படித்த அத்தியாயத்தைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். குரலைத் தாழ்த்திப் படித்துவிட்டோமோ என்று வாசிப்பாளர் குழம்பவேண்டாம். அங்கே மௌனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி திரும்பி வந்த அந்த அத்தியாயத்தைப் பார்ப்போம். பதிவானபோது அதன் சராசரி -31 டெசிபல், உச்சம் -9, இரைச்சல் -66. தளத்தின் வரம்புக்கு நடுவே -20-இல் சராசரியை நிறுத்தவேண்டுமென்றால் 11 டெசிபல் உயர்த்தவேண்டும். மென்பொருளுக்குக் குரல் எது, குளிர்பதனப் பெட்டியின் முனகல் எது என்று தெரியாது. படியில் அரிசியை அளந்தால் அதிலிருக்கும் கல்லும் சேர்ந்தே அளவாவதுபோல, உயர்த்தினால் எல்லாம் ஒன்றாக உயரும். சராசரி -20 ஆனது. உச்சம் +2 ஆகி வரம்புக்கு வெளியே போனது. -66-இல் அடங்கியிருந்த இரைச்சல் -55-க்கு வந்து நின்றது. ஒரு எண்ணைச் சரிசெய்யப் போய் மற்ற இரண்டும் தவறின.

எனவே பதிவு செய்த உடனே இரைச்சல் -60-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதில் பொருளில்லை. அதே பதிவில் குரலின் சராசரி எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்றுதான் பார்க்கவேண்டும். அந்த அத்தியாயத்தில் -31-க்கும் -66-க்கும் நடுவே இருந்தது 35 டெசிபல்தான். தேவை 40. ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த வித்தியாசம் மாறாது. ஐந்து டெசிபல் குறை பதிவிலேயே இருந்தது. மாஸ்டரிங் அதை வெளியே காட்டியது.

இந்த 40 டெசிபலை அறையின் மொழியில் சொன்னால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து இயல்பாகப் பேசுபவரின் குரல் ஏறக்குறைய 60 டெசிபல் சத்தத்தில் காதுக்கு வரும். (இது காற்றில் அளக்கும் டெசிபல், கணினியின் மைனஸ் கணக்கு வேறு.) வாயிலிருந்து கால் மீட்டரில் மைக்கை வைத்தால் அதே குரல் சுமார் 72 டெசிபலாகச் சேரும். அதிலிருந்து 40-ஐக் கழித்தால் 32. ஆக, வாசிப்பாளர் வாயை மூடியிருக்கும்போது அந்த அறையில் 32 டெசிபலுக்குமேல் சத்தம் இருக்கக்கூடாது. நடுநிசியில், சந்தடி ஓய்ந்த தெருவில், சன்னலைச் சாத்திய படுக்கையறை ஏறக்குறைய 30 டெசிபலில் இருக்கும். அந்த அமைதி கிடைத்தால்தான் வரம்பைத் தொட முடியும், அதுவும் நூலிழையில்.

நல்ல மைக் வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். மைக்கின் மின்சுற்றும் தன்பங்குக்கு மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலியை எழுப்பும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு ஸ்டுடியோக்களில் பரவலாகக் காணப்படும் ரோட் என்.டி.1-ஏ மைக்கின் சுய இரைச்சல் 5 டெசிபல் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். 30 டெசிபல் அறையில் அந்த 5 இருக்கும் இடம் தெரியாது. அதைவிட விலையுயர்ந்த மைக் வாங்கினாலும் அதே அறையைத்தான் அது கேட்கப்போகிறது. பணத்தைப் பஞ்சுப் போர்வைகளிலும் சன்னல் இடுக்கை அடைப்பதிலும் செலவிடுவது மேல்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் காதை மட்டும் நம்ப முடியாது. நம் காது மிகத் தாழ்ந்த சுருதிகளைச் சரியாகக் கேட்பதில்லை. தொலைவில் போகும் லாரியின் அதிர்வு தரை வழியாக ஏறி, மேசை வழியாக மைக் ஸ்டாண்டுக்கு வரும். அதன் அதிர்வெண் 30, 40 ஹெர்ட்ஸ். ஹெட்ஃபோனில் ஒன்றுமே கேட்காது. ஆனால் அளவுமானிக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றுபோலவே எண்ணும். ‘ஒரு சத்தமும் இல்லையே, ஏன் தேறவில்லை?’ என்று வாசிப்பாளர் தலையைச் சொறியும் பல சமயங்களில் குற்றவாளி இந்தக் கேளாத அதிர்வுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாசிப்பாளர் தன் இடத்தில் உட்கார்ந்து, மூச்சையும் அடக்கமாக விட்டு, அரை நிமிடம் பேசாமல் பதிவு செய்யவேண்டும். அந்த அரை நிமிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அதிர்வெண் வாரியாக வரையச் சொன்னால், எந்தச் சுருதியில் எவ்வளவு இரைச்சல் என்று படமாக விரியும். இடப்பக்க ஓரத்தில், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடு எழும்பினால் அது தரையதிர்வு அல்லது தூரத்துப் போக்குவரத்து. 50, 100, 150 என்று ஒழுங்கான இடைவெளியில் ஊசிபோல் முனைகள் நின்றால் மின்சாரத்தின் ரீங்காரம்; நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதால் இந்த எண்கள். அமெரிக்காவில் அதே ஊசிகள் 60, 120, 180-இல் நிற்கும். 1000 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கொசுப்போல ஒரு கீச்சொலி வந்தால், பெரும்பாலும் அது யூ.எஸ்.பி. மைக்குக்குக் கணினியிலிருந்து வரும் மின்சாரத்தின் அசுத்தம். வேறு துளையில் சொருகியோ, தனி மின்வசதி உள்ள ஹப் வழியாகவோ முயன்று பார்க்கலாம். எந்த முனையும் இல்லாமல் அகலமாகப் பரவிய இரைச்சல் என்றால் ஏ.சி., விசிறி அல்லது மடிக்கணினிக்குள் சுழலும் சிறு காற்றாடி.

அத்தியாயம் திரும்பி வந்த வாசிப்பாளர் இதைச் செய்து பார்த்தபோது இரண்டு விஷயம் வெளிப்பட்டதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் பெரிய மேடு. மற்றபடி மெலிதான பரவல். மைக் வாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது.

முதல் வேலை மைக்கை நெருக்கி வைப்பது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடுதலாக வந்து சேரும். அறையின் இரைச்சல் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் அது அப்படியே இருக்கும். செலவில்லாமல் 6 டெசிபல் லாபம். 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்கு வந்ததும் சராசரி -25 ஆகிறது, உச்சம் -3 ஆகிறது, இரைச்சல் -66-இலேயே நிற்கிறது. வித்தியாசம் இப்போது 41. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் நேரடிக் குரலோடு ஒப்பிடும்போது குறைவதால் குரலில் அறையின் வெறுமை தெரியாது.

இதற்கும் எல்லை உண்டு. இன்னும் நெருங்கினால், முன்புறத்திலிருந்து மட்டும் கேட்கும் வகை மைக்குகளில் குரலின் அடிச்சுருதி வீங்கும். ‘ப’ வரும் இடமெல்லாம் வாய்க்காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று வெடிக்கும். தலையைச் சிறிது அசைத்தாலும் சத்தம் ஏறி இறங்கும். ஒரு சாண் இடைவெளி விட்டு, நடுவே துணி வலை வடிகட்டியை நிறுத்தி, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வைத்துப் படிப்பது நடைமுறையில் பலருக்கும் ஒத்துவருகிறது.

இரண்டாவது வேலை அந்த இடப்பக்க மேட்டை வெட்டுவது. மனிதக் குரலின் ஆதாரச் சுருதி ஆண்களுக்குப் பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்குமேல், பெண்களுக்கு அதற்கும் மேல். எனவே 80-ஐ ஒட்டிய எல்லைக்குக் கீழே இருப்பதைச் சரித்து வெட்டினால் குரலுக்கு இழப்பு ஏதுமில்லை. ஆடாசிட்டியில் இதற்கென்றே தயாராக ஒரு வளைவு இருக்கிறது. தரையதிர்வே பெரும்பங்காக இருக்கும் அறையில் இந்த ஒரு வெட்டு இரைச்சல் எண்ணை ஐந்தாறு டெசிபல் இறக்கிவிடும். நம் உதாரணத்தில் -66 என்பது -71 ஆகிறது. இனி 5 டெசிபல் உயர்த்தினால் சராசரி -20, இரைச்சல் -66. வரம்புக்கு ஆறு டெசிபல் கீழே. உச்சம் +2, அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த இரண்டையும் செய்யாமல் நேரே இரைச்சல் நீக்கும் கருவிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். மௌனப் பகுதியைக் காட்டி ‘இதுதான் இரைச்சல், இதை நீக்கு’ என்று சொன்னால் மென்பொருள் அந்தச் சாயலை முழுப் பதிவிலிருந்தும் கழிக்கிறது. மெல்லக் கழித்தால், ஆறு டெசிபல் அளவில், உதவியாகவே இருக்கும். இருபது டெசிபல் கழிக்கச் சொன்னால் குரலின் ஓரங்களையும் சேர்த்து அரித்துவிடும். ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் குழறும். வாக்கியத்தின் கடைசி அசை கரைந்துபோகும். எண் தேறும், காது தேறாது. தளங்களில் கோப்புகளை மனிதர்களும் கேட்டுப் பார்ப்பதால் இதுவும் திரும்பி வரக் காரணமாகும்.

இன்னொரு குறுக்குவழி நாய்ஸ் கேட். சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கதவைச் சாத்தி முழு மௌனமாக்கிவிடும் கருவி. இடைவெளிகளை மட்டும் அளந்தால் இரைச்சல் இல்லவே இல்லை என்று வரும். ஆனால் குரலுக்குப் பின்னால் அதே இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது. பேசும்போது வந்து, நிறுத்தும்போது போய், மறுபடி பேசும்போது வந்து என்று ஒவ்வொரு சொல்லோடும் அது மேலேறி இறங்கும். நிலையாக ஒலிக்கும் இரைச்சலைக் காது சற்று நேரத்தில் மறந்துவிடும். வந்து வந்து போகும் இரைச்சலை மறக்கவே மறக்காது. எட்டு மணிநேரப் புத்தகத்தில் இது தாங்க முடியாத தொல்லை.

ரூம் டோன் எதற்கு என்பது இந்த இடத்தில் விளங்கும்.

எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. அதன் அளவு, சுவர், திரைச்சீலை, மைக்கின் தன்மை எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு அறைக்கும் தனியான ஒரு மெல்லொலி இருக்கிறது. கேட்பவர் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் அது சட்டென்று அறுந்தால் கவனிப்பார். பதிவைத் திருத்தும்போது வாசிப்பாளரின் இருமலையோ, பக்கம் புரட்டும் ஓசையையோ வெட்டி அந்த இடத்தில் கணினியின் சுத்த மௌனத்தை வைத்தால், ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு ஒலி நின்றுபோனதுபோல் தோன்றும். புளூடூத் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்ப்பார். கதை கையைவிட்டுப் போய்விடும்.

இதைத் தவிர்க்க, அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு முறை பதிவுக்கு உட்காரும்போதும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை வெறும் அறையைப் பதிவு செய்துகொள்கிறார்கள். மைக் அதே இடத்தில், அதே அளவில், வாசிப்பாளரும் தன் நாற்காலியிலேயே. எழுந்து வெளியே போய்விட்டால் அறையின் ஒலி மாறிவிடும். மனித உடலும் ஒலியை உறிஞ்சும் பொருள்தானே. அந்த ஒரு நிமிடத்தில் வயிறு இரையாத, சட்டை உரசாத ஐந்தாறு நொடிகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால், எங்கெல்லாம் வெட்டுகிறார்களோ அங்கெல்லாம் அதை ஒட்டுப்போடலாம். ஒட்டும் இரு முனைகளிலும் நூறில் ஒரு நொடி அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று கரைத்துச் சேர்த்தால் ‘டிக்’ ஓசை வராது.

அத்தியாயத்தின் இரு முனைகளிலும் வைப்பதும் இதே ஒட்டுத்துணிதான். தொடக்கத்தில் ஒரு நொடி, முடிவில் மூன்று நொடி என்று வைத்துக்கொண்டால் தளத்தின் வரம்புக்குள் பாதுகாப்பாக இருக்கும். முடிவில் ஐந்து நொடியைத் தாண்டக்கூடாது. இந்த நொடிகளுக்கு வேலை உண்டு. ஆடிபிள் செயலியில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்போது அத்தியாயத்தின் முதல் எழுத்து நறுக்கப்படாமல் இருப்பது தொடக்க நொடியால். ஒரு அத்தியாயத்தின் கடைசி வரி கேட்பவர் மனதில் இறங்குமுன் ‘அத்தியாயம் ஏழு’ என்று அடுத்தது வந்து மோதாமல் இருப்பது முடிவின் நொடிகளால். ரூம் டோனைத் திருத்த வேலை முடிந்தபின்னர் ஒட்டாமல், சத்தத்தை உயர்த்துவதற்கு முன்பே ஒட்டவேண்டும் என்பதையும் கவனிக்கவேண்டும். இல்லையென்றால் அத்தியாயத்தின் நடுவிலுள்ள அறை -66-இலும், முனையிலுள்ள அறை -71-இலும் ஒலிக்கும். அந்த ஐந்து டெசிபல் படி காதில் விழும்.

இதைவிடச் சிக்கலானது பிழைதிருத்தப் பதிவு. அதிகாலையில் படித்த அத்தியாயத்தில் ஒரு பெயரைத் தவறாக உச்சரித்துவிட்டதாகப் பத்து நாள் கழித்துத் தெரியவருகிறது. வாசிப்பாளர் மாலையில் உட்கார்ந்து அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கிறார். தெருவில் போக்குவரத்து வேறு, குரலின் கனம் வேறு, அறையின் ஒலி வேறு. இரண்டு பதிவும் தனித்தனியே எல்லா எண்களிலும் தேறும். ஒட்டிய இடம் மட்டும் தழும்பாகத் தெரியும். தீர்வு, முடிந்தவரை அதே நேரத்தில், மைக்கின் தூரத்தையும் கோணத்தையும் அளந்துவைத்த குறிப்பின்படி, முன் வரியைக் காதில் கேட்டுக்கொண்டே திருத்த வரியைப் படிப்பது. ஒரு சொல்லை மட்டும் ஒட்டாமல் முழு வாக்கியத்தையும் மாற்றினால் தழும்பு வாக்கிய இடைவெளிக்குப் போய்விடும். அங்கே ரூம் டோனால் அதை மறைப்பது எளிது.

இப்போது உச்சம். நம் அத்தியாயத்தில் அது +2-இல் நிற்கிறது. 0-தான் வரம்பு என்று சொல்லிவிட்டு +2 எப்படி என்று கேட்கலாம். ஆடாசிட்டி வேலை நடக்கும்போது ஒலியை 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாக வைத்திருக்கிறது; அந்த வடிவத்தில் வரம்பைத் தாண்டிய அலையும் சேதமில்லாமல் இருக்கும். கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் தலை துண்டாகும். அதற்குள் அதைக் கீழே கொண்டுவந்துவிட்டால் போதும்.

கொண்டுவரும் கருவி லிமிட்டர். ஓர் எல்லையைச் சொன்னால் அதைத் தாண்டும் கணங்களை மட்டும் மடக்கி உள்ளே வைக்கும்; மற்ற இடங்களைத் தொடாது. கதாபாத்திரம் கத்தும் இடம், சிரிப்பு வெடிக்கும் இடம், ‘க்க’, ‘ப்ப’ என்று அழுத்தி விழும் இரட்டை ஒற்றுகள் ஆகியவைதாம் பெரும்பாலும் இந்த முனைகள். இருபத்திரண்டு நிமிடத்தில் இவை மொத்தமாகச் சேர்த்தாலும் சில நொடிகளுக்குமேல் வராது. அதனால்தான் ஐந்து டெசிபலுக்குமேல் மடக்கினாலும் கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சராசரியும் ஒரு டெசிபலில் சிறு பின்னம் மட்டுமே இறங்கும்.

ஆனால் எல்லையை -3-இல் வைப்பதில்லை, -3.5-இல் வைக்கிறார்கள். கோப்பு எம்பி3 ஆகும்போது அலையின் வடிவம் துல்லியமாக அப்படியே வராது. காதுக்குத் தேவையில்லாததை விட்டுவிட்டு மீண்டும் கட்டும்போது சில முனைகள் மூலத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிடும். அந்த அரை டெசிபல் இதற்கான இடம். தளம் 0 வரை அனுமதிக்காமல் -3-இல் கோடு போட்டிருப்பதும் பயனுள்ளதே. அனுப்பிய எம்பி3-ஐக் கடைக்காரர் தன் செயலிக்கேற்ற வடிவத்துக்கு மறுபடி மாற்றும்போது முனைகள் இன்னொரு முறை உயர்ந்தாலும் ஒலி கரகரக்காமல் இருக்க இடம் மிஞ்சுகிறது.

ஆடாசிட்டி பயன்படுத்துவோர் மத்தியில் பரவியுள்ள வரிசை மூன்றே படிகள்தான். மெனுவில் இந்தப் பெயர்கள் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு தோற்றம் சற்று மாறலாம்.

```
Filter Curve EQ        : Low roll-off for speech
Loudness Normalization : RMS, -20 dB
Limiter                : -3.5 dB
```

இந்த வரிசையை மாற்றக்கூடாது. தரையதிர்வை வெட்டும் முன்பே சராசரியை நிர்ணயித்தால், கேளாத அதிர்வின் ஆற்றலும் சராசரியில் சேர்ந்து குரல் தேவைக்குக் குறைவாக நிற்கும். லிமிட்டரை முதலில் போட்டுவிட்டுப் பிறகு சத்தத்தை உயர்த்தினால், மடக்கிய முனைகள் மறுபடி எல்லையைத் தாண்டும். மூன்றும் முடிந்ததும் அளந்து பார்க்க ‘ACX Check’ என்ற இலவச இணைப்பு ஆடாசிட்டிக்குக் கிடைக்கிறது. உச்சம், சராசரி, இரைச்சல் மூன்றையும் ஒரே சாளரத்தில் காட்டி எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்லிவிடும்.

அந்தச் சாளரத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. அத்தியாயங்களுக்கு இடையிலான ஒற்றுமை. தளம் கொடுக்கும் வரம்பு -23 முதல் -18 வரை, ஐந்து டெசிபல் அகலம். ஒரு அத்தியாயம் -23-இலும் அடுத்தது -18-இலும் இருந்தால் இரண்டும் தேறும். ஆனால் இரவில் படுத்துக்கொண்டு கேட்பவர் இரண்டாவது அத்தியாயம் தொடங்கியதும் திடுக்கிட்டு ஒலியைக் குறைப்பார். எல்லா அத்தியாயங்களையும் ஒரே -20-க்குக் கொண்டுவருவது இந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்க்கும். தொடக்க அறிவிப்பு, முடிவு அறிவிப்பு, வாங்குபவர் கேட்டுப் பார்க்க வைக்கும் மாதிரித் துண்டு ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். புத்தகம் முழுவதும் மோனோ அல்லது முழுவதும் ஸ்டீரியோ. நடுவில் மாறினால் அதற்காகவே திரும்பி வரும். ஒற்றைக் குரலுக்கு மோனோ போதும்.

கடைசியாகக் கோப்பை வெளியே எடுக்கவேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 192 கிலோபிட் அல்லது அதற்குமேல், மாறாத விகிதம். இந்த ‘மாறாத’ என்பதைத் தவறவிடுவோர் பலர். மென்பொருளின் ஏற்றுமதிச் சாளரத்தில் ‘Constant’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு கோப்பு ஒரு அத்தியாயம். நீளம் 120 நிமிடத்துக்குள். நம் இருபத்திரண்டு நிமிட அத்தியாயம் ஏறக்குறைய 32 மெகாபைட் வரும்.

அப்படி வந்த எம்பி3-ஐ அப்படியே அனுப்பிவிடாமல், மென்பொருளில் மறுபடி திறந்து ஒருமுறை அளப்பவர்களுக்குக் கோப்பு திரும்பி வருவது அரிது. மாற்றத்தில் எண்கள் சிறிது நகர்ந்திருக்கும். நம் உதாரணத்தில் சராசரி -20.3, உச்சம் -3.2, இரைச்சல் -66 என்று வந்தால் மூன்றும் எல்லைக்குள். அதற்குப் பின்னும் ஒரு வேலை பாக்கி: ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியை வழக்கத்தைவிடச் சற்றே ஏற்றிவைத்து, அத்தியாயத்தின் முதல் நிமிடத்தையும், பிழைதிருத்தம் ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும், கடைசி வரிக்குப் பின் வரும் மூன்று நொடி அறையையும் கண்ணை மூடிக் கேட்பது. ஒட்டின தழும்போ, அறுந்த மௌனமோ எந்தச் சாளரத்திலும் சிவப்பாக எரியாது. அடுத்த அத்தியாயத்துக்குப் போவதற்குமுன் மைக்கின் தூரம், கோணம், பதிவு செய்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தால், பத்து நாள் கழித்து வரும் திருத்தத்துக்கு உதவும்.